அந்த ‘வேண்டாம்’ எந்தக் கட்டத்தில் வரும்?

ஒருவரோடு ஐந்து அமர்வுகள் பேசி முடிக்கும்போது என் நோட்டில் பத்துப் பதினோரு பக்கம் கிறுக்கல் சேர்ந்துவிடும். பாதி வாக்கியங்கள், அம்புக்குறிகள், கேள்விக்குறிகள், நடுவில் அவர் ஊர் பஸ் நேரம்கூட இருக்கும். அதை ஒரே பக்கமாகச் சுருக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு ஃபார்முலேஷன் என்று பெயர். இந்த ஆளுக்கு, இந்தப் பிரச்சினை, எதனால், எப்படி வந்து, ஏன் போகாமல் நிற்கிறது என்று சொல்லும் ஒரு பக்கம். நோயின் பெயரை எழுதுவது வேறு வேலை. ‘பதற்றக் கோளாறு’ என்று எழுத நாலைந்து அறிகுறிகள் போதும். ஃபார்முலேஷனுக்கு அந்தப் பெண்ணின் வாழ்க்கை வேண்டும்.

படிக்கும்போது இதை மூன்று கட்டமாகச் சொல்லித்தருவார்கள். முன்பே இருந்து ஒருவரை இந்தத் துன்பத்துக்கு ஆளாகக்கூடியவராக வைத்திருக்கும் ஏதுக்காரணங்கள். இப்போது கிளப்பிவிட்ட தூண்டுகாரணங்கள். போகவிடாமல் பிடித்துவைத்திருக்கும் நீடிப்புக் காரணங்கள். நான் எனக்குள் இதை மூன்று கேள்வியாக வைத்திருக்கிறேன்: ஏன் இவருக்கு? ஏன் இப்போது? ஏன் இன்னும்? கேட்க எளிது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நடந்த ஒன்றை எந்தக் கட்டத்தில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதில்தான் அநியாயமும் நடக்கிறது.

ஒரு அக்காவின் கதையை வைத்துச் சொல்கிறேன். அவர் ஒரே ஆள் இல்லை. வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த சில பெண்களின் விவரங்களைக் கலந்து, வயதையும் உறவையும் மாற்றி உண்டாக்கியவர். யாரும் தன்னையோ பக்கத்து வீட்டையோ இதில் தேட வேண்டாம்.

வயது 35. கணவனும் மனைவியும் ஒரே விசைத்தறிப் பட்டறையில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் பிளஸ் டூ. தை மாதம் வந்தார். என் நோட்டில் இருந்தது ஏறக்குறைய இப்படி:

“மார்ல படபடப்பு, கை வேர்வை. தறிகிட்ட போனாலே. இசிஜி 3 தடவை, நார்மல். குளுக்கோஸ் ஏத்தினா ஒரு நாள் பரவால்ல. தூக்கம் இல்ல, ‘கண்ண மூடினா தறி ஓடுதுங்க’. ஷிப்ட் வாரம் மாறி நைட். டீ 6–7. புரட்டாசில நாடா தெறிச்சு பக்கத்துத் தறி அக்காவுக்கு நெத்தில அடி. 9-ஆவதோட ஸ்கூல் நின்னது. கல்யாணம் 17. முன்பணம் 80 ஆயிரம். மாமியார் (கூட வந்தார்): ‘இவ எப்பவுமே பயந்தாங்கொள்ளி.’ நாத்தனார் மகன். ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் மூணு மாசம் அழுகை. ‘நான் சொன்னா யாருக்குங்க கேக்குது.’ மூத்தவள் பேச்சு வந்ததும் அழுகை. ஏன் இங்க?”

கடைசி இரண்டு வார்த்தை நான் எனக்குப் போட்டுக்கொண்ட கேள்வி.

முதலில் பேனா பிடிக்காமல் எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை படிப்பேன். இரண்டாவது முறை படிக்கும்போது மூன்று நிறத்தில் கோடு போடுவேன். அவர் வாயால் சொன்னது ஒன்று. நான் கண்ணால் பார்த்தது, அதாவது அழுகை, கை நடுக்கம், மாமியார் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது, இவை இன்னொன்று. மற்றவர்கள் சொன்னதும் நான் நினைத்ததும் மூன்றாவது. இந்தப் பிரிப்பு இல்லாமல் எழுத உட்கார்ந்தால், மாமியார் சொன்ன ‘பயந்தாங்கொள்ளி’ என்ற வார்த்தை நாலாவது வரியில் ‘இயல்பிலேயே பதற்ற சுபாவம் கொண்டவர்’ என்று உத்தியோகபூர்வமான உடை போட்டுக்கொண்டு நிற்கும். பெண்களைப் பற்றிய கோப்புகளில் ‘சுபாவம்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அதை முதலில் சொன்னது யார் என்று தேடிப்பாருங்கள்.

ஏதுக்காரணம் என்ற கட்டத்தில் ஒன்றைப் போட அதற்குச் சாட்சி வேண்டும். இந்த அக்கா 14 வயதில் தார் சுற்றப் போனவர். கல்யாணத்துக்கு முன்பே தனியாகத் தறி ஓட்டியவர். இருட்டில் சைக்கிளில் நைட் ஷிப்டுக்குப் போய் வந்தவர். பயந்த சுபாவத்துக்கு ஒரு சாட்சிகூட இல்லை. அந்த வரி அந்தக் கட்டத்துக்குள் வராது.

அடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் நீளமாகக் கோடு போட்டு மாதங்களைக் குறிப்பேன். இந்த ஊர்ப் பெண்கள் தேதி சொல்ல மாட்டார்கள், ஆடி, புரட்டாசி, தீபாவளிக்கு முந்தின வாரம் என்பார்கள். அது தேதியைவிட நம்பகமானது. ‘ஏன் இப்போது?’ என்ற கேள்விக்குப் பதில் இந்தக் கோட்டில்தான் கிடைக்கும்.

வீட்டில் எல்லோரும் சொன்ன பதில் நாடா. புரட்டாசியில் ஓடுகிற தறியிலிருந்து நாடா தெறித்துப் பக்கத்தில் நின்ற பெண்ணின் நெற்றியைக் கிழித்தது. கூர்முனை வைத்த கட்டை அது, வேகத்தில் வந்தால் என்ன ஆகும் என்று தறிக்காரர்களுக்குத் தெரியும். அன்று ராத்திரிதான் முதல் படபடப்பு. பயந்துவிட்டார், அவ்வளவுதான் என்று கணவர் சொன்னார். மந்திரிக்கவும் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

ஆனால் கோட்டில் தூக்கத்தைக் குறித்தபோது அது நாடாவுக்கு மூன்று வாரம் முன்பே போயிருந்தது. ஆவணிக் கடைசியில். ஆவணிக் கடைசியில் என்ன நடந்தது? நாத்தனார் வந்து தன் மகனுக்கு மூத்தவளைக் கேட்டுவிட்டுப் போனார். பரீட்சை முடிந்ததும் வைகாசியில் முடித்துவிடலாம் என்று பேச்சு. பெண்ணுக்கு 18 முடிவது ஆடியில். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் அதற்கு முன்பே வைத்துவிட வேண்டும்! நகைக்கு முதலாளியிடம் இன்னும் முன்பணம் வாங்குவதாகவும் முடிவாகியிருந்தது. இந்த அக்காவை யாரும் கேட்கவில்லை. ‘வேண்டாம்’ என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். ‘உனக்கு எல்லாத்துக்கும் பயம்’ என்று பதில் வந்திருக்கிறது.

ஆகவே தூண்டுகாரணம் இரண்டு. சம்பந்தப் பேச்சு தூக்கத்தைப் பறித்தது. மூன்று வாரம் தூங்காத உடம்பின் மேல் நாடா வந்து விழுந்தது. படபடப்புக்கும் தறியைப் பார்த்தால் வரும் நடுக்கத்துக்கும் உருவம் கொடுத்தது நாடா. நாடாவை மட்டும் எழுதியிருந்தால் சிகிச்சை தறிப்பயத்தோடு நின்றுபோகும், தூக்கம் வராது, ‘கவுன்சிலிங் பலிக்கவில்லை’ என்று வீட்டில் சொல்வார்கள். எந்த அறிகுறி எந்த நிகழ்வுக்கு முன், எதற்குப் பின் என்று தனித்தனியாகக் கேட்பதுதான் இதற்கு வழி. ‘எப்போதிலிருந்து உடம்பு சரியில்லை?’ என்று மொத்தமாகக் கேட்டால் வீட்டின் பதில்தான் வரும்.

இப்போது ‘ஏன் இவருக்கு?’. இங்கே ஆசை அதிகமாகும். சின்ன வயதின் எல்லாத் துயரங்களையும் கொட்டத் தோன்றும். இந்தப் பிரச்சினையோடு ஒரு இழையாவது சேர்ந்தால்தான் உள்ளே எடுப்பேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றதும் 17-இல் கல்யாணம் நடந்ததும் சேரும், ஏனென்றால் அதே வயதில் அதே விஷயம் இப்போது மகளுக்கு நடக்கப்போகிறது. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தபோது மூன்று மாதம் அழுதுகொண்டே இருந்தது சேரும், அது முன்பே வந்துபோன, யாரும் கவனிக்காத ஒரு மனச்சோர்வு. வேலூர் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மார்களிடம் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வோடு சேர்ந்துவந்த விஷயங்களில் ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்ததும், மாமியாரோடு ஒத்துப்போகாததும், கைக்கு உதவி இல்லாததும் இருந்தன. மூன்றாவதாக, மனம்விட்டுப் பேச ஆள் இல்லாதது. அம்மா இறந்துவிட்டார். பட்டறையில் தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கையால்தான் பேச வேண்டும்.

இந்த மூன்றாவது விஷயத்துக்கு ஒரு பின்கதை உண்டு. லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை வைத்து ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இரண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 1978-இல் புத்தகமாக வந்தது. பெரிய இழப்பு நேர்ந்த எல்லாப் பெண்களுக்கும் மனச்சோர்வு வரவில்லை. 11 வயதுக்குள் தாயை இழந்தவர்கள், வீட்டில் மூன்றோ அதற்கு மேலோ சிறு பிள்ளைகள் இருந்தவர்கள், வெளியே வேலை இல்லாதவர்கள், மனம்விட்டுப் பேச நெருக்கமான துணை இல்லாதவர்கள், இவர்களிடம்தான் அது கூடுதலாக இருந்தது. ஏதுக்காரணம் வேறு, தூண்டுகாரணம் வேறு என்ற பிரிப்பு அங்கே சாதாரணப் பெண்களின் வீட்டு நிலையிலிருந்தே கண்டெடுக்கப்பட்டது. மரபணு, சுபாவம் என்று மட்டும் அந்தக் கட்டத்தை நிரப்புகிறவர்களுக்கு இதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

எனக்கு அதிக நேரம் பிடிப்பது மூன்றாவது கட்டம். சிகிச்சை இருப்பதே அங்கேதான். நடந்துமுடிந்த எதையும் அங்கே எழுத முடியாது, இந்த வாரமும் நடந்துகொண்டிருப்பதைத்தான் எழுத முடியும். நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இதுதான்: இது நின்றால் சில வாரங்களில் ஏதாவது மாறுமா? மாறும் என்றால் அது நீடிப்புக் காரணம்.

இந்த அக்காவுக்கு முதல் வளையம் நெஞ்சில். படபடக்கிறது, மாரடைப்பு என்று நினைக்கிறார், அந்த நினைப்பிலேயே இன்னும் படபடக்கிறது, தறியை நிறுத்திவிட்டு உட்கார்கிறார், கிளினிக்கில் பாட்டில் ஏற்றுகிறார்கள், அடங்குகிறது. பாட்டில்தான் காப்பாற்றியது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. உட்கார்ந்திருந்தாலும் அது அடங்கியிருக்கும் என்பதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே இல்லை. இரத்தச்சோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொன்னேன், அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வளையம் வேலையில். தறியிலிருந்து விலகி வீட்டில் தார் சுற்ற ஆரம்பித்தார். கூலி குறைந்தது, முன்பணத்தில் கழிப்பது நின்றது, கடன் கவலை தூக்கத்துக்கு வந்தது. வாரம் மாறி வந்த நைட் ஷிப்டும் ஆறேழு டீயும் தூக்கத்தைக் கெடுத்தவை. நைட் ஷிப்ட் தானாக நின்றுவிட்டது, டீ நிற்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அதை நாலாவது அமர்வில் அவரே போகிறபோக்கில் சொன்னார். “எனக்கு இப்படி ஆனதுல இருந்து அந்தப் பேச்ச எடுக்கறதில்லீங்க மேடம். அம்மாவுக்கு ஒடம்பு தேறட்டும்னு நாத்தனார் சொல்லிட்டாங்க.”

எங்கள் பாடப்புத்தகங்களில் இதற்கு ‘இரண்டாம் நிலை ஆதாயம்’ என்று ஒரு பெயர் உண்டு. நோயாளிக்கு நோயால் கிடைக்கும் லாபம். அந்த அக்கா நடிக்கிறார் என்று அந்தச் சொல் சொல்லவில்லை, ஆனால் கோப்பைப் புரட்டும் யாரும் அப்படித்தான் படிப்பார்கள். பெண்களின் கோப்பில் இது எவ்வளவு தாராளமாக விழுகிறது! வேலைக்குப் போகாமலிருக்க, மாமியாரைக் கவனிக்காமலிருக்க, புருஷன் கவனத்தை இழுக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆதாயம் கண்டுபிடிக்கப்படுகிறது. அதற்காக இதை எழுதாமல் விடவும் முடியாது. விட்டால், படபடப்பு குறையக் குறைய அவர் தூக்கம் ஏன் கெடுகிறது என்று எனக்குப் புரியாது. உடம்பு தேறினால் பேச்சு மறுபடி ஆரம்பிக்கும், அது அவருக்குத் தெரியும்.

அதனால் அந்தப் பெயரைத் தவிர்த்து, நடப்பதை அப்படியே எழுதினேன். அவர் வாயால் சொன்ன ‘வேண்டாம்’ எடுபடவில்லை, உடம்பு சொல்வது மட்டும் எடுபடுகிறது. இப்படி எழுதினால் அதிலிருந்து வேலை பிறக்கிறது. அவர் சொல்லை வாயாலேயே எடுபட வைக்க வேண்டும், அதற்குப் பிறகு உடம்பு அந்தச் சுமையை இறக்கிவைக்கலாம். ‘பயந்தாங்கொள்ளி’ என்ற வார்த்தைக்கும் இப்போதுதான் இடம் கிடைத்தது. அவர் மறுப்பைத் தள்ளிவிட வீடு பயன்படுத்தும் கருவி அது, ஆகவே நீடிப்புக் காரணம்.

இதற்கு நேரெதிரான ஒரு சறுக்கலும் உண்டு, எங்கள் பக்கத்து ஆட்களிடம் பார்த்திருக்கிறேன். மூன்று கட்டத்திலும் ‘ஆணாதிக்கம், வறுமை, கடன்’ என்று எழுதி முடித்துவிடுவது. பொய் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை இந்தத் தெருவில் இருக்கும் எந்தப் பெண்ணின் பெயரை மாற்றியும் ஒட்டிவிடலாம். அடுத்த வியாழக்கிழமை அவர் வந்து உட்காரும்போது என்ன பேசுவது என்று அது சொல்லாது.

கடைசியில் எழுதியது இவ்வளவுதான்:

“35 வயதுப் பெண், விசைத்தறித் தொழிலாளி. ஆவணி முதல் தூக்கமின்மை, புரட்டாசி முதல் திடீர்ப் படபடப்பு, தறியருகே போக இயலாமை. 14 வயதில் படிப்பை விட்டதும் 17-இல் திருமணமும் தன் முடிவாக இல்லை. இரண்டாம் பிரசவத்துக்குப் பின் கவனிக்கப்படாத மனச்சோர்வு. மனம்விட்டுப் பேச ஆள் இல்லை. இந்த நிலையில் 17 வயது மகளின் திருமணப் பேச்சு தன் கதை திரும்ப நடப்பதாக அவரைத் தாக்கித் தூக்கத்தைக் கெடுத்தது. மூன்று வாரம் கழித்துக் கண்ணெதிரே நடந்த நாடா விபத்து அந்தப் பதற்றத்துக்கு மாரடைப்புப் பயம் என்ற உருவம் தந்தது. படபடப்பை மாரடைப்பாக எடுத்துக்கொள்வது, தறியை விட்டு விலகுவது, கிளினிக்கில் பாட்டில் ஏற்றுவது, மிகுதியான டீ ஆகியவை இதை நீடிக்கவைக்கின்றன. விலகலால் கூலி குறைந்து முன்பணச் சுமை ஏறுகிறது. மகள் திருமணத்துக்கு அவர் சொல்லும் மறுப்பு பயம் என்று ஒதுக்கப்படுகிறது. நோய் இருக்கும்வரை மட்டும் பேச்சு நிற்கிறது. பலம்: தொழில் திறமை, மகளோடு நெருக்கம், தானே தேடி வந்தது. முன்பணம் யார் பெயரில்?”

கடைசிக் கேள்வியை அப்படியே விட்டுவைத்தேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் மூடாமல் விடுவது வழக்கம். உயிருக்கு ஆபத்து உண்டா என்பதைத் தனியாகக் கேட்டு, தனித்தாளில் எழுதுவேன், இதற்குள் புதைக்க மாட்டேன்.

எழுதியதை அவரிடமே படித்துக் காட்ட வேண்டும். நீளமான சொற்களை மாற்றிப் பேச்சு வழக்கில் சொன்னேன். ‘தன் கதை திரும்ப நடப்பதாக’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முன்பணம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, இவர் வேறு பட்டறைக்குப் போவதானாலும் முதலில் அதைக் கட்ட வேண்டும் என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். பிறகு கேட்டார், “இத எங்க வீட்டுக்காரர் படிப்பாருங்களா?”

சரியான கேள்வி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையையும், தன் மருத்துவப் பதிவைத் தான் பார்க்கும் உரிமையையும் அவருக்குத் தருகிறது. ஆனால் இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இன்னும் இருக்கிறது. ஒரு பெண்ணின் கோப்பு எந்த நாளில் யார் வக்கீலின் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் எதிர்த்தரப்பு வக்கீல் வாசிப்பது போல ஒருமுறை வாசித்துப் பார்ப்பேன். ‘சுபாவம்’ அந்த வாசிப்பில் தேறாது. ‘ஆதாயம்’ தேறவே தேறாது. கணவருக்கோ பட்டறைக்கோ தாள் வேண்டுமென்றால் சிகிச்சையில் இருக்கிறார் என்று இரண்டு வரி கொடுப்பேன், இந்தப் பக்கம் என் கோப்பிலேயே இருக்கும். ஒன்றை மட்டும் அவரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். 18 முடியாத பெண்ணுக்குத் தேதி குறித்தால் 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் குறுக்கே நிற்கும், அப்போது நானும் சும்மா இருக்க முடியாது. 1098 என்ற எண்ணை எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தப் பக்கம் வரிசையையும் முடிவு செய்தது. மகள் பேச்சை முதலில் எடுத்தோம், தறியைப் பிறகு. கணவர் இரண்டு முறை வந்தார். மனைவி பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசக்கூடாது என்பதுதான் அந்த அமர்வுகளின் ஒரே விதி. நாத்தனாரிடம் ‘படிப்பு முடியட்டும்’ என்று அவரே போய்ச் சொன்னார். சம்பந்தம் ரத்தாகவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. அதன்பிறகு நின்ற தறி பக்கத்தில் நின்று பழகி, பிறகு ஓடும் தறி பக்கத்தில், படபடப்பு வரும்போது உட்காராமல் அது தானாக அடங்கும்வரை நின்று பார்த்து, வைகாசி வாக்கில் இரண்டு தறி ஓட்ட ஆரம்பித்தார். பாட்டில் ஏற்றுவது நின்றது. டீ மூன்றுக்கு வந்திருக்கிறது.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தை எடுத்து, மாறிய வரியை அடித்துத் தேதி போடுவோம், அவரும் நானும். கடைசியாகப் பார்த்தபோது நீடிப்புக் காரணங்களில் பாதிக்கு மேல் அடித்தாகிவிட்டது. முன்பண வரி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரின் போன் நம்பரை அவரே எழுதிவைத்திருக்கிறார், இன்னும் கூப்பிடவில்லை.